மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு

பழைய பேப்பர் கடையில் எடை போட்டதும் எழுதித் தரும் துண்டுச் சீட்டில், மொத்த எடைக்குக் கீழே ‘கழிவு’ என்று ஒரு வரி இருக்கும். மொத்தம் இருபது, கழிவு இரண்டு, நிகரம் பதினெட்டு. பதினெட்டுக்குத்தான் காசு. வீட்டில் சேர்ந்த நியூஸ் பேப்பரை வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற நாம் அந்த வரியைக் கவனிப்பதில்லை. தினமும் தள்ளுவண்டியில் அட்டை பொறுக்கி வந்து போடுகிறவர்களுக்கு அன்றைய சோற்றின் அளவு அந்த வரியில்தான் இருக்கிறது.

கழிவு பிடிப்பதே அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மதுரையில் ஒரு பழைய பேப்பர், இரும்பு குடோனில் சில வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். காலையில் வண்டிக்காரர்களிடம் சில்லறையாக வாங்குவோம். அட்டையை பேல் கட்டி பேப்பர் மில்லுக்கும், இரும்பைக் கோயம்புத்தூர் பவுண்டரிகளுக்கும் லோடு அனுப்புவோம். அதனால் மில் எங்களிடம் பிடித்த கழிவுச் சீட்டும், நாங்கள் வண்டிக்காரர்களிடம் பிடித்த கழிவுச் சீட்டும் ஒரே மேசைக்கு வரும். மில் சீட்டில் கழிவு மாசத்துக்கு மாசம் மாறும். ஐப்பசி, கார்த்திகையில் ஏறும், சித்திரையில் சில லோடுக்கு ஒன்றுமே இருக்காது. எங்கள் சீட்டில் மட்டும் பன்னிரண்டு மாசமும் மூட்டைக்கு இரண்டு கிலோ. இந்த மாறாத இரண்டு கிலோதான் வேலையை விட்டு வந்த பிறகும் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

காய்ந்த காகிதத்திலும் தண்ணீர் இருக்கிறது

மில் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காகித நார் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கைக்குக் காய்ந்ததாகத் தெரிகிற அட்டையிலும் நூற்றுக்கு ஆறேழு பங்கு தண்ணீர்தான். 105 டிகிரி அடுப்பில் வைத்து, இனிமேல் எடை குறையாது என்கிற வரைக்கும் உலர்த்தி எடுத்து மேசையில் வைத்தால், சில மணி நேரத்தில் அது மறுபடி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எடை ஏறிவிடும். ஆகவே தண்ணீரே இல்லாத காகிதத்துக்குத்தான் காசு தருவேன் என்று எந்த மில்லும் சொல்ல முடியாது. இந்த இயல்பான ஈரத்துக்கு வியாபாரத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பழைய காகிதத் தரத்துக்கான இ.என். 643 அந்தக் கோட்டை 10 சதவீதத்தில் வைக்கிறது. அதற்கு மேல் இருக்கிற எடையை வாங்குகிறவர் திரும்பக் கேட்கலாம். நாங்கள் லோடு அனுப்பிய மில்லும் அதே பத்தைத்தான் வைத்திருந்தது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். பத்து டன் அட்டை போகிறது, மில்லில் சோதித்தால் ஈரம் 16 சதவீதம். பத்துக்கு மேல் ஆறு இருக்கிறது, நூற்றுக்கு ஆறு வெட்டி 9,400 கிலோவுக்குக் காசு போடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. நுணுக்கமாகப் பார்த்தால் அந்த லோடில் இருக்கிற உலர்ந்த நார் 8,400 கிலோ. பத்து சதவீத ஈரத்தோடு அது இருந்திருந்தால் என்ன எடை நிற்கும்? 8,400-ஐ 0.9-ஆல் வகுத்தால் 9,333. அதாவது நேராகக் கழிக்கும் மில், போட்டவருக்கு 67 கிலோ கூடவே கொடுக்கிறது. ஈரம் ஏற ஏற இந்த வித்தியாசம் பெரிதாகும். 28 சதவீத லோடுக்கு நேர்க் கழிப்பில் 8,200, வகுத்துப் பார்த்தால் 8,000. ரொம்ப நனைந்த லோடுக்கு மில் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் உடனே கொள்ளை என்று கத்தாமல், இப்படி ஒருமுறை வகுத்துப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணுக்கும் கீழே போனால்தான் சண்டைக்கு நியாயம்.

ஈரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் தகராறு வரும். கையில் பிடிக்கிற மீட்டரில் இரண்டு ஊசி இருக்கும், பேலில் குத்தினால் எண் காட்டும். ஊசி போகிற ஆழம் வரைக்கும்தான் அதற்குத் தெரியும். வழியில் மழை பிடித்த லோடு வெளியே நனைந்து உள்ளே காய்ந்திருக்கும், மீட்டர் அதிகமாகக் காட்டும். நடுவில் தண்ணீர் ஊற்றிக் கட்டின பேல் வெளியே காய்ந்திருக்கும், மீட்டர் குறைவாகக் காட்டும். பழகினவர்கள் மீட்டரை முழுசாக நம்ப மாட்டார்கள். கம்பியை வெட்டி பேலைப் பிரித்து, நடுவில் கையை விடுவார்கள். ஈரத்தோடு கட்டி நாளான பேல் உள்ளே கதகதவென்று இருக்கும், பூஞ்சை வாடை வரும். அப்போது நார் நலிந்திருக்கும், அதற்கான வெட்டு தண்ணீர்க் கணக்கில் வராது, தரக் கணக்கில் வரும். சீட்டில் இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

“எதுல இருக்கு தண்ணி?”

சித்திரையில் ஒரு காலை. தள்ளுவண்டியில் தினமும் வருகிற ஒரு அக்கா மூன்று மூட்டை அட்டை கொண்டுவந்திருந்தார். எல்லாம் பாத்திரக் கடைகளிலிருந்து வாங்கிய பெட்டி. தார்ப்பாய் போட்டு மூடி, வெட்டி அடுக்கி, அவ்வளவு சுத்தமாக இருந்தது. முதல் மூட்டை பதினெட்டு கிலோ. முதலாளி வழக்கம்போல் “பதினாறு” என்று சொன்னார், நான் எழுதினேன்.

“அண்ணாச்சி, மழைக்காலத்துல ரெண்டு கிலோ கழிச்சீக, சரி. இப்ப எதுல இருக்கு தண்ணி? எடுத்துக் காட்டுங்க” என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. மூட்டை வாயைப் பிரித்து ஒரு அட்டையை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். வரிசையில் நின்ற மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி கோபக்காரர், ஆனால் கணக்குக்குக் கட்டுப்படுகிறவர். “தம்பி, இதுல அஞ்சு கிலோ நிறுத்து எடு. மொட்டை மாடியில விரிச்சுப் போடு. சாயங்காலம் நிறுப்போம். குறையறதுதான் கழிவு” என்றார். விரித்துப் போட்டேன். காற்றில் பறக்காமல் ஓரத்துக்குக் கம்பித் துண்டு வைத்தேன். சாயங்காலம் அதே தராசில் 4 கிலோ 920 கிராம். குறைந்தது 80 கிராம். நூற்றுக்கு 1.6. பதினெட்டு கிலோ மூட்டைக்குக் கணக்குப் பார்த்தால் முந்நூறு கிராம் கூட வரவில்லை. நாங்கள் பிடித்தது இரண்டு கிலோ.

இந்த வெயில் சோதனை பாமரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு அடுப்புச் சோதனையை விட இதுதான் பொருத்தம். வெயில் காகிதத்தை எலும்பு வரை உலர்த்தாது. காற்றோடு ஒத்துப்போகிற இயல்பான ஈரத்தில் கொண்டுவந்து நிறுத்தும். மில் காசு கொடுப்பதும் அந்த நிலையில் இருக்கிற காகிதத்துக்குத்தான். ஆகவே வெயிலில் குறைகிற எடையே ஏறக்குறைய நியாயமான கழிவு, வேறு கணக்குத் தேவையில்லை. காற்றே ஈரமாக இருக்கிற மழை நாளில் இது சரியாக வராது. அன்று சாயங்காலம் வரை போட்டாலும் அட்டை தன் பாதி ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷ ஐப்பசியில் முதலாளியே மறுபடி போடச் சொன்னார். ராத்திரி மழையில் தெருவோரம் நனைந்து கிடந்த அட்டை, ஐந்து கிலோ. கொட்டகைக்குள் பரப்பி, வெயில் வந்தபோது வெளியே இழுத்து, காய்ந்து முடிய அடுத்த நாள் ஆனது. 3 கிலோ 850. நூற்றுக்கு 23. பதினெட்டு கிலோ மூட்டைக்கு நான்கு கிலோவுக்கு மேல் கழித்திருக்க வேண்டும், நாங்கள் இரண்டுதான் கழித்திருந்தோம். “பாத்தியா? மழையில விட்டத வெயில்ல எடுக்கறேன். வருஷக் கணக்குல சரியாப் போயிரும்” என்றார் முதலாளி. அவர் கல்லாவுக்கு அது உண்மையாகவே சரியாகப் போயிருக்கலாம்.

அவர் கல்லாவுக்குச் சரி. ஆனால் மழையில் கூடுதலாக வாங்கிப்போனவரும் வெயிலில் குறைவாக வாங்கிப்போனவரும் ஒரே ஆள் இல்லை. கடைகளில் கெஞ்சிக் கேட்டு, தார்ப்பாய் வாங்கிப் போட்டு, காய்ந்த சரக்காகக் கொண்டுவருகிறவர் வருஷம் முழுக்க இரண்டு கிலோ இழக்கிறார். நனைந்ததை அப்படியே அள்ளி வருகிறவருக்குப் பாதித் தண்ணீருக்குக் காசு கிடைக்கிறது. நிலையான கழிவு எதைப் பழக்கப்படுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். காய்ந்தாலும் இரண்டு, நனைந்தாலும் இரண்டு என்றால், கடைக்கு முந்தின தெருமுனையில் ஒரு பாட்டில் தண்ணீரை மூட்டைக்குள் ஊற்றுகிறவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு கிலோவுக்கான காசு லாபம். பிறகு கடைக்காரர் ‘எல்லாரும் தண்ணி ஊத்துறாங்க’ என்று இரண்டை மூன்றாக்குகிறார். ஊற்றாதவரும் ஊற்ற ஆரம்பிக்கிறார். வண்டிக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று இந்தத் தொழிலில் சொல்லாத ஆள் இல்லை. அவர்களை அப்படி ஆக்கியதில் அந்த மாறாத இரண்டு கிலோவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூட்டைக்கு இவ்வளவு என்று கழிப்பதில் இன்னொரு வலியும் இருக்கிறது. நாற்பது கிலோ மூட்டைக்கு இரண்டு கிலோ என்பது நூற்றுக்கு ஐந்து. பதினெட்டு கிலோ மூட்டைக்கு அதே இரண்டு நூற்றுக்குப் பதினொன்று. பெரிய மூட்டை கட்டித் தூக்க வலுவுள்ள ஆம்பளைக்கு ஒரு கழிவு, வயசான பொம்பளைக்கு அதைப்போல் இரண்டு பங்கு. சாக்கின் எடை என்று சமாதானம் சொல்வார்கள். காலிச் சாக்கைத் தராசில் வைத்தால் நூறு கிராம் சுற்றித்தான் வரும்.

டெல்டா விவசாயிகளுக்கு இந்தப் போராட்டம் நன்றாகப் புரியும். நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்று எல்லை இருக்கிறது. அறுவடையில் மழை பெய்தால் அதைத் தளர்த்தச் சொல்லி வருஷா வருஷம் கேட்கிறார்கள். அங்கேயும் சண்டை உண்டு, ஆனால் கண்ணெதிரே ஒரு மீட்டர் இருக்கிறது, எண்ணைச் சொல்லிச் சண்டை போடலாம். அட்டை வண்டிக்காரருக்கு அந்த எண்ணே கிடையாது.

அந்த அக்கா கேட்ட பிறகு எங்கள் குடோனில் முறை கொஞ்சம் மாறியது. காய்ந்த மூட்டைக்குச் சாக்கு எடை மட்டும் கழித்தோம். லேசாக ஈரம் தட்டினால் நூற்றுக்கு ஐந்து. பிழிந்தால் தண்ணீர் வருகிற சரக்கைத் தனியாகப் பரப்பி, காய்ந்ததும் நிறுத்துக் காசு. மூன்றாவதுதான் கஷ்டம். பரப்ப இடம் வேண்டும். யார் சரக்கு எது என்று அடையாளம் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், போட்டவருக்கு இன்றைக்கே காசு வேண்டும். அதனால் பாதிக் காசை அப்போதே கொடுத்து மீதியை மறுநாள் கொடுத்தோம். கூட்டமான காலையில் இது தடுமாறும், சில நாள் பழையபடி கண் மதிப்பில் கழித்து அனுப்பியதும் உண்டு. ஆனாலும் அந்தக் கார்த்திகையில் நனைந்த மூட்டைகள் கண்கூடாகக் குறைந்தன. தண்ணீருக்குக் காசு இல்லை என்று தெரிந்ததும் ஆளுக்கொரு தார்ப்பாய் முளைத்தது.

இரும்புக்கு வேறு நியாயம்

இதே கழிவை இரும்புக்கும் பிடிப்பார்கள், ‘ஈரம், மண்’ என்று சேர்த்தே சொல்வார்கள். இரும்பு தண்ணீரை உள்ளே இழுக்காது. மழையில் நனைந்த கம்பிக்கட்டில் ஒட்டியிருக்கிற தண்ணீர் எடையில் சொற்பம், கொஞ்ச நேர வெயிலில் போய்விடும். ஈரக் கழிவு என்று நியாயமாகக் கேட்கக்கூடிய இரும்புச் சரக்கு லேத்தில் விழுகிற வார்ப்புத் தூள்தான். கூலன்ட் எண்ணெயும் தண்ணீரும் தூளின் இடுக்கெல்லாம் நிற்கும். மற்றபடி தகரத்துக்கும் கம்பிக்கும் காகிதக் கணக்கில் ஈரம் கழிப்பதற்கு அடிப்படையே இல்லை.

உருக்கு உலைக்காரர்கள் ஈரத்துக்குப் பயப்படுவது எடைக்காக இல்லை. கொதிக்கிற இரும்புக்கு அடியில் தண்ணீர் சிக்கினால் கண நேரத்தில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு, எழுநூறு மடங்கு விரியும். உலை வெடித்து இரும்பு மேலே சிதறும். மூடிய சிலிண்டர், பிரிட்ஜ் கம்ப்ரஸர், வாய் அடைத்த பைப் எல்லாம் இதனால்தான் தனியாக ஒதுக்கப்படுகின்றன. இது கழித்துக்கொண்டு வாங்கிவிடுகிற விஷயமில்லை. காயாத சரக்கு உலைப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இரும்பில் உண்மையான கழிவு மண்ணும், ஒட்டிய கான்கிரீட்டும், துருவும். வீடு இடித்த கம்பியில் கான்கிரீட் கட்டி ஒட்டியிருந்தால் சுத்தியலால் தட்டிவிட்டு எடை போடுவதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. துரு கொஞ்சம் சிக்கலானது. சுத்தமான இரும்பு ஆக்சைடில் எடைக்கு 70 சதவீதம்தான் இரும்பு, நாம் பார்க்கிற செந்துருவில் நீரும் சேர்ந்திருப்பதால் அதைவிடக் குறைவு. கனமான தண்டவாளத் துண்டில் மேல்துரு ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய தகரத்தில் துருவே பாதியாக இருக்கலாம். அதனால்தான் தகரத்துக்கு விலையே வேறாக வைத்திருக்கிறார்கள். விலையில் ஒருமுறை குறைத்துவிட்டு எடையிலும் துருக்கழிவு பிடித்தால் ஒரே குறைக்கு இரண்டு முறை பிடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

மண்ணை அளக்க ஒரு அருமையான வழியை ஒரு பவுண்டரி யார்டில் பார்த்தேன். சரக்கோடு லாரியை எடை மேடையில் ஏற்றினார்கள். பிறகு காந்தக் கிரேனால் இரும்பை எடுத்துச் சிமென்ட் தரையில் இறக்கினார்கள். லாரிப் பலகையில் மிஞ்சிய மண்ணோடு காலி எடை போட்டார்கள். லாரியிலேயே தங்கின மண் தானாகக் கழிந்துவிட்டது. அடுத்து தரையில் கிடந்த இரும்பைக் காந்தம் குவியலுக்குத் தூக்கிக்கொண்டு போக, கீழே மண்ணும் கல்லும் மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் மட்டும் கிடந்தன. இரண்டு பேர் கூட்டி அள்ளி, சாக்கில் போட்டு நிறுத்தார்கள். ஒன்பது டன் சொச்சத்துக்கு 115 கிலோ. அதைத்தான் கழித்தார்கள். நூற்றுக்கு ஒன்றே கால் சுற்றி. எங்கள் லாரி டிரைவர் சாக்கைத் தானே தராசில் தூக்கி வைத்தார், ஒரு வார்த்தை வாக்குவாதம் இல்லை. வேறொரு இடத்தில் அதே மாதிரி லோடுக்குக் கண்ணால் பார்த்து ‘மூணு பர்சென்ட்’ என்று எழுதித் தந்திருந்தார்கள். ஒன்பது டன்னுக்கு அது 270 கிலோ. எதிர்த்துப் பேசக் கையில் ஒரு சாக்கு மண்கூட இல்லாததால் வாங்கிக்கொண்டு வந்தோம்.

லாரி எடையில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிறை எடைக்கும் காலி எடைக்கும் நடுவே மழை பெய்தால் தார்ப்பாயும் மரப் பலகையும் தண்ணீர் குடித்துக் காலி எடை கூடிவிடும். அந்தத் தண்ணீர் நம் இரும்பிலிருந்து கழியும். முதல் எடையில் டிரைவர் கீழே நின்று, இரண்டாம் எடையில் கேபினில் உட்கார்ந்திருந்தாலும் அதே கதை.

விலையா, எடையா

சேதம், தரம் பிரிக்கிற கூலி, குடோன் வாடகை, காய வைக்கிற இடம் என்று கடைக்காரருக்கு எத்தனையோ செலவு. அதை யாரும் மறுக்கவில்லை. அந்தச் செலவை ஏன் விலையில் குறைக்காமல் எடையில் குறைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. விலை வெளியே தெரியும், எதிர்க்கடையோடு ஒப்பிடுவார்கள். கழிவு தராசுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் மூட்டையை இறக்கியாகிவிட்டது. ஒரு கடை அட்டைக்குக் கிலோ பதினாலு ரூபாய் சொல்லி நூற்றுக்குப் பத்து கழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கைக்கு வருவது 12 ரூபாய் 60 காசு. பதிமூன்று ரூபாய் சொல்லிக் கழிக்காத கடைதான் அதிகம் தருகிறது. ஆனால் வண்டி பதினாலு ரூபாய்க் கடைக்குத்தான் போகும். நேர்மையாகப் பதிமூன்று சொல்கிறவர் வியாபாரம் இழந்து, அவரும் கழிவுக்குத் திரும்புவார்.

எடையளவுச் சட்டத்தில் எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். விற்கிறவர் குறைத்துக் கொடுத்தால் மட்டுமில்லை, வாங்குகிறவர் காசு கொடுத்த எடைக்கு மேல் மோசடியாக வாங்கிக்கொண்டாலும் குற்றம்தான். தராசில் பிசகு இருந்தால் அதிகாரி பிடிக்கலாம். தராசு சரியாகக் காட்டிய பதினெட்டைப் பதினாறு என்று சீட்டில் எழுதுவதை யார் வந்து பார்ப்பது? ‘பேசி ஒத்துக்கிட்டதுதானே’ என்றால் பேச்சு முடிந்தது. அதனால் சீட்டிலேயே மொத்தம், சாக்கு, ஈரம், அழுக்கு என்று நாலு வரி தனித்தனியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே ‘கழிவு’ என்று எழுதும்போது வராத தயக்கம், சித்திரை வெயிலில் ‘ஈரம் - 2 கிலோ’ என்று கைப்பட எழுதும்போது வரும். அப்படி எழுத முடியாத இரண்டு கிலோவை வண்டிக்காரரிடம் பிடிக்கவும் கூடாது.